அந்தி மணியும் அக்காவின் வசனமும்

பக்கத்து வீட்டு அக்காவின் குரலை யாரும் இனிய குரல் என்று சொன்னதில்லை. அவள் வாசலில் நின்று கூப்பிட்டால் கரையில் வலை உதறிக்கொண்டிருக்கும் புருஷனுக்குக் கேட்கும். அவர் கேட்டும் கேட்காதது மாதிரி இருப்பார், அது வேறு விஷயம். நண்டுக் கம்பெனியில் சதை பிரிக்கும் வேலை அவளுக்கு. அங்கே அவள் பேச ஆரம்பித்தால் மற்ற பெண்களுக்குக் கை ஓடும், வாய் ஓடாது. அந்தக் குரலை நம்பித்தான் நாங்கள் நாடகம் போட்டோம்.

தங்கச்சிமடத்தில் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் அடிப்பேன், டிக்கெட் போட்டுக் கொடுப்பேன். ஆர்.எஸ்.மங்கலத்துக்காரர் ஒருவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருக்கிறார். கதை எழுதும் கிறுக்கு அவருக்கு, கம்ப்யூட்டரை நோண்டும் கிறுக்கு எனக்கு. இரண்டும் சேர்ந்து வாரம் ஒரு ஒலி நாடகமாக ஆனது. கடையின் பின்னறைச் சுவரில் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுத்துப் பதிவு செய்வோம். நான் ஆடாசிட்டி என்கிற ஒலி மென்பொருளில் வெட்டி ஒட்டி, இசையும் சத்தமும் சேர்த்து வாட்ஸப் குழுவில் போடுவேன். ஊரில் பாதிப்பேர் கேட்டார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகளும் கேட்டார்கள். குவைத்தில் நர்ஸாக இருக்கும் அக்காவின் மகள் எல்லோருக்கும் முந்திக் கேட்டுவிடுவாள்.

நாடகத்தில் அக்காவுக்குத் தாய் வேஷம். ஆரம்பத்தில் அவளால் எனக்குத் தலைவலிதான். மற்றவர்களை மைக்குக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால், இவளைக் கதவோரம் நிறுத்த வேண்டும். அப்படியும் அவள் சண்டைபோடும் காட்சியில் திரையில் அலைக்கோடு மேலும் கீழும் முட்டிக்கொண்டு நிற்கும். சத்தம் உடைந்துவிடும். "கொஞ்சம் மெதுவாப் பேசுக்கா, மைக்கு செத்துரும்" என்பேன். "செத்தா நல்ல மைக்கா வாங்கு புள்ள" என்பாள்.

பிறகு அவள் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக மைக்கை நோக்கி நகர்ந்து வந்தாள். சளி என்றாள். நண்டு அவிக்கிற ஆவி தொண்டைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். எனக்கு மட்டும் திரையில் தெரிந்துகொண்டிருந்தது. முட்டிக்கொண்டு நின்ற கோடு, ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் வருவதற்குள் நூல் மாதிரி இளைத்துவிட்டது. ராமநாதபுரத்தில் பார்த்துவிட்டு மதுரைக்குப் போகச் சொன்னார்கள். மதுரையில் குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள். உயிர் பிழைக்கலாம், மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளை இருக்கும், பிற்பாடு கருவி வைத்தோ பழக்கப்படுத்தியோ ஓரளவு பேச வைக்கலாம், ஆனால் அது இந்தக் குரலாக இருக்காது என்று டாக்டர் சொன்னாராம். திரும்பி வந்த அன்று சாயங்காலமே அக்கா என் கடைக்கு வந்து, மைக்கை எடுத்து வைக்கச் சொன்னாள்.

"கடைசிக் கதைய எடுத்துருவோம். நான் மருதைக்குப் போய்ட்டு வந்தப்பெறகு போடு. கேக்குறவளுக மூஞ்சிய நான் பாக்கணும்."

தமிழாசிரியர் சாருக்குச் செய்தி சொன்னேன். அவர் இரண்டே நாளில் முடிவை எழுதிக்கொண்டு வந்தார். மகள் வெளிநாடு புறப்படுகிறாள், தாய் வழியனுப்புகிறாள், மாலை மணி ஒலிக்கிறது. கடைசி வசனம் கடல், கரை, காத்திருத்தல் என்று அழகாகத்தான் இருந்தது. அக்கா அதை மனசுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தாள். மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்தாள். மகள் வேஷம் போட்ட பெண்ணைப் பார்க்காமல் மைக்கையே பார்த்துப் பேசினாள்.

"நேரத்துக்குத் தின்னு. ஒறங்கு. இனிமே நான் பேசலைன்னா, அம்மா கோவிச்சுக்கிட்டான்னு மட்டும் நெனைச்சிராத தாயி."

எழுதியிருந்ததில் இது ஒரு சொல்கூட இல்லை. சார் என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன். அக்காவின் வீட்டை அறிந்தவர்களுக்கு அந்த வசனம் யாருக்கு என்று விளங்கும். பேசிக்கொண்டே இருக்கிற அவள் வாயை மூடினால் கோபம் என்று அர்த்தம். மகள் குவைத்துக்குப் போகப் பிடிவாதம் பிடித்தபோது பல நாள் அவளிடம் பேசாமல் இருந்தவள் இவள். சாருக்கும் அது தெரியும். அவர் பேனாவை எடுத்துத் தன் வசனத்தை அடித்துவிட்டார்.

"ஏன்க்கா, ஆப்பரேசன் விசயம் அவளுக்குத் தெரியும்ல, இதையும் நேரா போன்ல அவகிட்டயே சொல்லிரலாம்ல?" என்று கேட்டேன்.

"நேரா சொன்னா அழுவா. நானும் அழுவேன். நாடகம்னா கேப்பா."

மறுவாரம் அவள் மதுரைக்குப் போனாள். அந்த வசனம் என் கம்ப்யூட்டரில் இருந்தது.

அதைத் தெளிவாகக் கேட்க வைப்பதுதான் என் வேலை. சொல்வதற்குச் சுலபம். குரல் சன்னமாக இருந்தது, பெரிதாக்கினேன். குரலோடு அறையின் இரைச்சலும் பெரிதானது. இரைச்சலைக் குறைக்க ஆடாசிட்டியில் ஒரு வழி உண்டு. யாரும் பேசாத இடத்தைக் கொஞ்சம் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று அதற்குக் காட்டிக்கொடுத்தால், அதே மாதிரி சத்தத்தை மற்ற இடங்களிலும் குறைத்துவிடும். செய்தேன். அக்காவின் குரலில் பாதி காணாமல் போனது. கம்மிப்போன தொண்டையின் காற்றும் அறையின் இரைச்சலும் அதற்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. மிச்சக் குரல் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி வந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, பெயருக்குக் கொஞ்சம் மட்டும் குறைத்தேன். இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும், அவள் இருக்க வேண்டும்.

அடுத்தது இசை. இலவசமாகக் கிடைக்கும் இசையாகத் தேடி இறக்கினேன். சோகம் என்று தேடினால் உலகம் முழுக்க வயலின்தான் அழுகிறது. வயலினைக் குரலுக்கு அடியில் போட்டுப் பார்த்தால், பெண்குரல் இருக்கும் அதே உயரத்தில் அதுவும் இருந்துகொண்டு முட்டியது. புல்லாங்குழலும் அப்படியே. பாட்டு உள்ள இசை கூடவே கூடாது, சொல் வந்தால் காது அதன் பின்னால் போய்விடும். சார், கோயிலில் பாடும் மாதா பாட்டு ஒன்றின் மெட்டை யாரையாவது வாசிக்கச் சொல்லலாமே என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்த மெட்டைக் கேட்டால் எங்கள் ஆட்கள் கூடவே முணுமுணுப்பார்கள், வசனம் போச்சு என்று பெரிய மேதாவி மாதிரி அவருக்கு வகுப்பெடுத்தேன். கடைசியில் தம்பூராவைப் போலக் கீழ்ச்சுருதியில் அசையாமல் நிற்கிற ஒரு நாதம் கிடைத்தது. அது குரலுக்கு அடியில் பாய் விரித்த மாதிரி கிடந்தது.

யாராவது பேசும்போது இசை தானாகத் தணிவதற்கு ஆடாசிட்டியில் ஆட்டோ டக் என்று ஒன்று உண்டு. இசை டிராக்குக்கு நேர் கீழே குரல் டிராக்கை வைத்து, இசையைத் தேர்ந்தெடுத்து அதைப் போட்டுவிட்டால், பேச்சு வரும் இடமெல்லாம் இசை ஒதுங்கி வழிவிடும். எல்லா நாடகத்துக்கும் அதைத்தான் செய்வேன், நன்றாக வேலை செய்யும். இந்த முறை மகள் வேஷம் போட்ட பெண் பேசும்போது இசை தணிந்தது. நாடகத்தில் சுமை தூக்க வந்த ஆள் ஒரு வார்த்தை பேசினான், அதற்கும் தணிந்தது. அக்கா பேசும்போது மட்டும் தணியவே இல்லை. காரணம் தெரியாமல் மூன்று தடவை செய்து பார்த்தேன். பிறகு விளங்கியது. இவ்வளவு சத்தத்துக்கு மேல் இருந்தால்தான் பேச்சு என்று அதற்கு ஓர் எல்லை உண்டு. பெரிதாக்கிய பிறகும் அக்கா பல இடங்களில் அந்த எல்லைக்குக் கீழே இருந்தாள். அதன் கணக்கில் அவள் பேசவே இல்லை.

மைக்கு உடையப் பேசிய பெண்பிள்ளை. நான் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

எல்லையைக் கீழே இறக்கலாம்தான். இறக்கினால் நாற்காலி கிறீச்சிட்டாலும் இசை தணிந்து தணிந்து எழும்பியது. ஆகவே என்வலப் கருவியை எடுத்து, இசையின் கோட்டில் புள்ளி புள்ளியாக வைத்து, அக்கா வாய் திறக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இறக்கி, அவள் முடித்த பிறகு மெல்ல ஏற்றினேன். கையால் செய்கிற வேலை, கண் வலிக்கும். கடல் சத்தத்துக்கு என் போனை எடுத்துக்கொண்டு வடக்குக் கரைக்குப் போனேன். இணையத்தில் கிடைக்கும் கடல் எல்லாம் பாறையில் மோதுகிற கடல். எங்கள் வடகடல் படகின் விலாவில் தட்டிக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான். பிறகு சார் கேட்ட மாலை மணி. அதற்கும் எங்கள் கோயில் மணியையே, சாயங்காலம் அடிக்கும்போது வாசலில் நின்று பதிவு செய்தேன். வசனத்துக்கு அடியில் அதை நன்றாகத் தணித்து வைத்தேன். சத்தத்தின் அளவு காட்டும் மீட்டரில் குரலுக்கு வெகு கீழே இருந்தது. ஹெட்போனில் கேட்டேன், சின்ன போன் ஸ்பீக்கரில் கேட்டேன், ஃபேன் ஓட விட்டுக் கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அக்கா மதுரையிலிருந்து வந்தாள். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி தொங்கியது, அதன் பின்னால் மூச்சு புஸ் புஸ் என்று வந்து போனது. பாதியாக இளைத்திருந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவளிடம் சத்தம் போட்டுப் பேசினார்கள். குரல் போனால் காதும் போய்விடும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. நான் இரண்டு பேரைத் திட்டினேன். அக்கா தோள் குலுங்கச் சிரித்தாள், சத்தமில்லாமல்.

சில நாள் கழித்து நாடகத்தைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினாள். குழுவில் போடும் முன்னால் இங்கேயே ஒரு தடவை கேட்டுப்பார்ப்போம் என்றேன். கம்பெனியில் வேலை முடிந்து பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். சாரும் வந்தார். அக்காவின் வீட்டு முற்றத்தில் நாற்காலியில் போனை வைத்து ஓடவிட்டேன். அக்கா சொன்னபடியே நாடகத்தை விட்டுவிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். அவள் குரல் வந்ததும் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கடைசிக் காட்சி வந்தது. மணி அடித்தது.

மூன்று தட்டு கேட்டதும் பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். முந்தானையைத் தலைக்கு இழுத்து, நெற்றியில் சிலுவை போட்டு, காலை, மதியம், மாலை மணிக்குச் சொல்லும் மூவேளை செபத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். யாரும் யோசித்துச் செய்யவில்லை. பொழுது சாயும் நேரம், எங்கள் கோயில் மணி, எங்கள் ஊரில் அந்த மணிக்குச் சின்னப் பிள்ளைகூட விளையாட்டை நிறுத்திவிட்டு நிற்கும். அத்தனை பேரும் முணுமுணுத்துச் செபம் சொல்லும்போது, அதற்கு அடியில் அக்காவின் வசனம் வந்தது, போனது. ஒருத்தர் காதிலும் விழவில்லை. அக்காவும் எழுந்து நின்றிருந்தாள். அவளும் சிலுவை போட்டாள். உதடுகள் செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன, கழுத்துத் துணி மட்டும் அசைந்தது.

செபம் முடிந்து உட்கார்ந்தபோது நாடகமும் முடிந்திருந்தது. "நல்லாத்தான் புள்ள இருக்கு" என்றாள் ஒருத்தி.

"என்ன நல்லா இருக்கு? கடைசியா அக்கா என்ன சொன்னா, சொல்லு பாப்போம்" என்று சண்டைக்குப் போனேன். யாருக்கும் தெரியவில்லை. பாவம் அவர்கள் என்ன செய்வார்கள். எனக்கு என் மேல்தான் கோபம். மாதா பாட்டு மெட்டுக்கு அத்தனை வியாக்கியானம் சொன்னவள், மணியை மறந்துவிட்டேன். நானும் இதே மணிக்கு எழுந்து நின்று வளர்ந்தவள்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு முன்னால் அது எனக்கு ஒரு டிராக்காக ஆகியிருந்தது, காதால் கேட்பதை விட்டுவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதே மணியைக் குவைத்தில் கேட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள் என்று நினைத்தேன். ஊர் மணி கேட்டு எத்தனையோ மாதம் ஆனவள். எழுந்து நின்றுவிடுவாள்.

"மணிய எடுத்துருவோம் சார்" என்றேன்.

"எனக்கு இந்த விஷயமே தெரியாது. எடுத்துருங்கம்மா" என்றார் வெளியூர்க்காரரான சார், குற்றவாளி மாதிரி.

அக்கா கையை ஆட்டி மறுத்தாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். காற்றில் மணிக்கயிற்றை இழுப்பது போல இழுத்துக் காட்டினாள். இரண்டு கைகளையும் கூப்பிக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். கண்ணைத் திறந்து கைகளைப் பிரித்தாள். அதன் பிறகுதான் விரலைத் தன் உதட்டில் வைத்து, வாயைத் திறந்து காட்டினாள்.

மணி இருக்கட்டும். அவர்கள் செபம் சொல்லி முடிக்கட்டும். அப்புறம் நான்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து காட்சியைப் பிரித்தேன். மணியை முன்னால் இழுத்துத் தனியாக அடிக்க விட்டேன். அடியில் தணித்து வைக்கவில்லை, முழுச் சத்தத்தோடு. பிறகு ஒரு செபம் சொல்லி முடிக்கிற அளவுக்கு இடைவெளி. எவ்வளவு என்று பார்க்க, நானே எழுந்து நின்று செபத்தைச் சொல்லி முடித்துவிட்டு அந்த இடத்தில் குறி வைத்தேன். சார் கவலைப்பட்டார், இவ்வளவு நேரம் சும்மா விட்டால் நாடகம் முடிந்துவிட்டது என்று போனை வைத்துவிடுவார்களே என்றார். உண்மைதான், வெறும் மௌனம் என்றால் ஃபைல் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அதனால் வடகடலை அந்த இடைவெளி முழுக்க ஓடவிட்டேன். பிறகு மெல்ல மெல்ல அதையும் இறக்கி, அக்கா பேசும் இடத்துக்கு வரும்போது இல்லாமல் செய்தேன். இசையை அந்தக் காட்சியில் சுத்தமாக எடுத்துவிட்டேன். தேடிப் பிடித்த நாதம்தான், போகட்டும். கடைசி வசனத்துக்குக் கீழே அறையின் இரைச்சலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குழுவில் போட்டேன். அக்காவின் முற்றத்தில் போன தடவை வந்தவர்களே வந்து உட்கார்ந்தார்கள். மணிக்கு எழுந்தார்கள், செபம் சொன்னார்கள், உட்கார்ந்தார்கள். அலை தட்டிக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது. நேரத்துக்குத் தின்னு என்றது அக்காவின் குரல். கம்மல், மூச்சு, எல்லாவற்றோடும். நாற்காலியில் இருந்த அக்கா அந்த வசனத்தைக் கூடவே வாயசைத்துச் சொன்னாள். உதடு அவளுடையதாகவும் சத்தம் போனிலிருந்து வருவதாகவும் இருந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். இந்தத் தடவை நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அக்காவின் புருஷன் எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

கொஞ்ச நேரத்தில் குவைத்திலிருந்து வீடியோ கால் வந்தது. அக்கா போனை என் கையில் கொடுத்து, முகம் தெரியும்படி பிடிக்கச் சொன்னாள். திரையில் மகள், நர்ஸ் உடுப்போடு. அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். லைன் போய்விட்டதோ என்று நான் திரையைத் தட்டினேன். லைன் இருந்தது, அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது.

அக்காவுக்குப் பதற்றம் வந்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்தாள். மகளைக் காட்டி, முகத்தைச் சுளித்துக் கோபப்படுவது போலக் காட்டி, கேளு என்று கையை விரித்தாள்.

"அம்மா மேல கோவமான்னு கேக்குறாம்மா" என்றேன்.

இல்லை என்று மகள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.